இருக்கிற மனுசனுக்கு எப்படி அழறது?

விசேஷ வீட்டுக்குப் போனா யாராவது ஒருத்தர் கேட்டுருவாங்க, "அப்பா எப்படிம்மா இருக்கார்?"னு. முன்னாடியெல்லாம் "நல்லாருக்கார்"னு சொல்லிட்டு பந்திக்குப் போயிருவேன். இப்ப ரெண்டு மூணு வருசமா "இருக்கார்"னு மட்டும்தான் வாயில வருது. கேட்டவங்களுக்கு அது போதும், "வயசாயிருச்சுல்ல"னு சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாத்துப் போயிருவாங்க, ஆனா எனக்கு அந்த ஒத்தை வார்த்தை அன்னைக்கு பூரா தொண்டையிலயே நிக்கும், ஏன்னா அது உண்மையா பொய்யான்னு எனக்கே தெரியல.

அப்பா பஸ் கண்டக்டரா இருந்தவர். திண்டுக்கல் - தேனி ரூட்லயே பாதி சர்வீஸ் ஓடிருச்சு. 2018ல அல்சைமர்னு சொன்னாங்க. இன்னைக்கு அவருக்கு என் பேர் தெரியாது, என்னை "அக்கா"ன்னு கூப்பிடறார், அவரோட அக்கா செத்து நாப்பது வருசம் ஆச்சு. ஆனா கையில நாலு பேப்பரைக் குடுங்க, அதை நீளவாக்குல மடிச்சு விரலிடுக்குல செருகிக்குவார், பத்து ரூவா ஒரு விரல்ல, இருபது ஒரு விரல்லன்னு கண்டக்டர்ங்க வச்சிருப்பாங்கள்ல, அதே மாதிரி. "செம்பட்டி, வத்தலகுண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி" ஸ்டாப்பிங் வரிசை தப்பாது. பொண்டாட்டி பேரு போச்சு, தேவதானப்பட்டி போகல. இதைப் பாத்து சிரிக்கிறதா அழறதான்னு வீட்ல யாருக்கும் தெரியாது, சில நாள் ரெண்டும் நடக்கும்.

இந்த நிலைமைக்கு ஒரு பேர் இருக்குன்னு எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது. ஆம்பிகுவஸ் லாஸ். தமிழ்ல சொன்னா தீராத இழப்புன்னு சொல்லலாம், தெளிவில்லாத இழப்புன்னும் சொல்லலாம், ஆள் போயிட்டாரா இருக்காரான்னு அடிச்சு சொல்ல முடியாத இழப்பு. பாலின் பாஸ்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970கள்ல வச்ச பேர் இது. மினசோட்டா யுனிவர்சிட்டில குடும்ப சமூக அறிவியல் ப்ரொஃபசரா இருந்தவங்க. அவங்க அல்சைமர் மாதிரி மறதி நோய்ங்கள்ல, அதாவது டிமென்ஷியால இருந்து ஆரம்பிக்கல, வியட்நாம் போர்ல காணாமப்போன விமானிகளோட குடும்பங்கள்ல இருந்து ஆரம்பிச்சாங்க. விமானம் விழுந்துச்சு, பாடி கிடைக்கல, கைதியா இருக்கானான்னும் தெரியல. வீட்ல பொண்டாட்டி புள்ளைங்க. அவன் புருசனா, செத்துப்போனவனா? அவன் இடத்துல இன்னொருத்தர் முடிவெடுக்கலாமா, இல்ல வருவான்னு அந்த இடத்தை அப்படியே வச்சிருக்கணுமா? பாஸ் கவனிச்சது என்னன்னா, குடும்பத்தை உடைக்கறது இழப்பு மட்டும் இல்ல, இந்த "உள்ளயா வெளியயா"ங்கற கேள்விக்கு பதில் இல்லாம வருசக்கணக்கா நிக்கறது.

அவங்களோட சொந்தக் கதையும் இதுல இருக்கு. அவங்க அப்பா சுவிட்சர்லாந்துல இருந்து அமெரிக்கா போனவர், விஸ்கான்சின்ல பண்ணை, ஆனா மனசு பூரா ஊர்லயும் அங்க விட்டுட்டு வந்த அம்மா மேலயும்தான். சாப்பாட்டு மேசையில ஆள் உக்காந்திருப்பார், ஆனா அங்க இருக்க மாட்டார். வெளிநாட்டுல வேலை பாக்கற அப்பன் இருக்கற நம்ம ஊர் வீடுகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பாஸ் இதை ரெண்டா பிரிச்சாங்க. முதல் வகைல ஆள் கண் முன்னாடி இல்ல, ஆனா மனசுக்குள்ள இருக்காங்க: போர்ல காணாமப்போனவங்க, கடலுக்குப் போய் திரும்பாதவங்க. ரெண்டாவதுல ஆள் கண் முன்னாடியே இருக்காங்க, ஆனா நமக்குத் தெரிஞ்ச அந்த ஆள் இல்ல: டிமென்ஷியா, தலையில பலமா அடிபட்டவங்க, முத்திப்போன குடிநோய். முதல் வகையை தமிழ் வாசகருக்குச் சொல்ல இலங்கைப் போர்ல காணாமப்போன புள்ளைங்களைத் தேடற வன்னித் தாய்மார்களைத் தவிர வேற உதாரணம் தேட வேண்டியதில்ல. 2017ல இருந்து கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுன்னு கொட்டகை போட்டு புள்ளைங்க போட்டோவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. இலங்கை அரசு 2016ல மரணச் சான்றிதழுக்குப் பதிலா "காணாமற்போனமைச் சான்றிதழ்"னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, ஏன்னா செத்ததுக்கான தாளை வாங்கினா நம்மளே புள்ளைய கொன்ன மாதிரின்னு பல தாய்மார் அதை வாங்க மறுத்தாங்க. வாங்கினா பேங்க் கணக்கு, நிலப்பத்திரம் எல்லாம் நகரும், வாங்கலைன்னா நகராது, இருந்தும் மறுத்தாங்க. அந்த மறுப்பு எனக்கு முதல்ல புரியல. இப்ப அப்பாவோட சட்டைகளை பீரோல இருந்து எடுத்து யாருக்காவது குடுத்துரலாமேன்னு தம்பி சொன்னப்ப என் கை நகரல பாருங்க, அப்ப கொஞ்சம் புரிஞ்சுது. அவங்க துக்கமும் என் துக்கமும் ஒண்ணுன்னு சொல்லல, அங்க ஒரு குற்றம் நடந்திருக்கு, பதில் சொல்ல வேண்டிய ஆள் இருக்கு. எங்க வீட்ல நடந்தது நோய்.

நம்ம ஊர்ல சாவுக்கு எல்லாம் இருக்கு. சங்கு ஊதறவர்ல இருந்து பதினாறாம் நாள் காரியம் வரைக்கும், யார் என்ன செய்யணும், எப்ப வரைக்கும் அழலாம், எப்ப தலைக்கு எண்ணெய் வைக்கலாம், எல்லாத்துக்கும் கணக்கு. நம்ம அழாம உக்காந்திருந்தாகூட யாராவது ஒரு கெழவி கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வச்சு அழ வச்சிருவா. ஆனா நம்மளைப் பெத்தவர் கொஞ்சம் கொஞ்சமா எட்டு வருசம் எடுத்துக்கிட்டு போறதுக்கு ஒரு சடங்கும் கிடையாது. என் பேரை அவர் மறந்த அன்னைக்கு (2022 தை மாசம், காலைல இட்லி வச்சுட்டு இருந்தேன், "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?"ன்னு மரியாதையா கேட்டார்) அன்னைக்கு எனக்கு ஒரு சாவு நடந்துச்சு. ஆபீஸ்ல லீவு கேக்க முடியுமா? கேட்டா என்னன்னு சொல்றது? மத்தியானம் வேலைக்குப் போய் வவுச்சர் எழுதினேன்.

இனிமே சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்ப உதவின விசயம். பாஸும் அவங்க கூட வேலை பாத்தவங்களும் அல்சைமர் நோயாளிகளை வீட்ல பாத்துக்கறவங்ககிட்ட ஆய்வு பண்ணினாங்க. நோய் முத்த முத்த பாத்துக்கறவங்களுக்கு மனச்சோர்வு கூடும்னுதானே யாரும் நினைப்போம்? அப்படி நேர்க்கோடா வரல. அவர் இன்னும் இந்தக் குடும்பத்துல ஒரு ஆளா இருக்காரா இல்லையாங்கற குழப்பம் யாருக்கு அதிகமோ, அவங்களுக்குத்தான் மனச்சோர்வு அதிகமா இருந்துச்சு. அதாவது நோயாளிக்கு எவ்வளவு மறந்து போச்சுங்கறதை விட, இவங்க மனசுல அவரை எங்க வைக்கறதுன்னு தெரியாம தவிக்கறதுதான் ஆளை அரிக்குது. இதுக்கு அவங்க வச்ச பேரு எல்லைக் குழப்பம்.

இது எப்படி இருக்கும்னு எங்க வீட்டை வச்சே சொல்றேன். 2021 பொங்கலுக்கு யார் தலைமையில பானை வைக்கறதுன்னு பிரச்சனை. எப்பவும் அப்பாதான் முதல் அரிசி போடுவார். அந்த வருசம் அவர் கையில அரிசியைக் குடுத்தா அதை சட்டைப்பைல போட்டுக்கிட்டார். அம்மா அவர் கையைப் பிடிச்சு பானை வரைக்கும் கொண்டு போய் போட வச்சாங்க. தம்பி துபாய்ல இருந்து வீடியோ கால்ல பாத்துட்டு "அப்பா நல்லாத்தானே இருக்கார், நீங்கதான் ஓவரா பயப்படறீங்க"ன்னான். நான் அடுப்பங்கரைல நின்னு, இனிமே இதை என் புருசனை செய்யச் சொல்லிரலாம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டு இருக்கேன். ஒரே வீடு, ஒரே அப்பா, மூணு பேருக்கு மூணு இடத்துல நிக்கறார்: அம்மாவுக்கு கைபிடிச்சா வந்துருவார், தம்பிக்கு எங்கேயும் போகவே இல்ல, எனக்கு பாதி போயிட்டார். அன்னைக்கு சாயங்காலம் பெரிய சண்டை. எதுக்கு? அவருக்கு டயப்பர் வாங்கறதா வேண்டாமாங்கற விசயத்துக்கு. டயப்பருக்காக அந்த சண்டை இல்லன்னு இப்ப தெரியுது. டயப்பர் வாங்கினா அப்பா போயிட்டார்னு ஒத்துக்கிட்ட மாதிரி, அதுதான் தம்பிக்கு வலிச்சிருக்கு.

தம்பியைத் திட்டறது ஈசி. வருசத்துக்கு ரெண்டு வாரம் வர்றவன், பத்து நிமிச வீடியோ கால்ல அப்பா "சாப்பிட்டியாப்பா, வேலையெல்லாம் எப்படி"ன்னு கரெக்டா கேப்பார். அல்சைமர்ல இந்த மாதிரி பழக்கமான நலம் விசாரிப்பு ரொம்ப நாள் தாங்கும், யோசிக்காமயே வர்ற பேச்சு அது. முதல்ல அடிவாங்கறது மூளைல ஹிப்போகேம்பஸ்ங்கற இடமும் அதை ஒட்டின பகுதியும், புதுசா நடந்ததைப் பதிவு பண்ற வேலை அங்கதான். அதனால காலைல சாப்பிட்டது போயிரும், 1985ல நடந்தது நிக்கும். கைத்தொழில் பழக்கம் வேற இடத்துல பதிஞ்சிருக்கறதால அது கடைசி கட்டம் வரைக்கும்கூட கொஞ்சம் நிக்கலாம், பேப்பரை நீளமா மடிக்கற அந்த விரல் மாதிரி. ஆக தம்பி பாக்கற அப்பாவும் நிஜம், ராத்திரி ரெண்டு மணிக்கு "டிப்போவுக்குப் போகணும், கதவைத் திற"ன்னு என்னைத் தள்ளிவிடற அப்பாவும் நிஜம். நோய் ஒரே சீரா ஆளை அழிக்கறதில்ல, அங்கங்க ஓட்டை போடுது, ஓட்டை இல்லாத பக்கமா பாக்கறவனுக்கு ஒண்ணுமே ஆகாத மாதிரிதான் தெரியும்.

கெட்ட நாளை விட நல்ல நாள்தான் என்னை அதிகமா உடைச்சிருக்கு. போன வருசம் ஒரு நாள் சாயங்காலம் திண்ணைல உக்காந்திருக்கார், நான் வண்டியை நிறுத்திட்டு வர்றேன், என்னைப் பாத்து என் பேரைச் சொல்லி "ஏன் இவ்வளவு லேட்டு, மழைல நனைஞ்சியா"ன்னார். மூணு வருசம் கழிச்சு என் பேரு. ஒரு அஞ்சு நிமிசம் இருந்திருக்கும். அப்புறம் "அக்கா, தண்ணி குடு". அந்த அஞ்சு நிமிசத்துக்கு அப்புறம் ஒரு வாரம் நான் மனுசியா இல்ல, ஏன்னா அழுது முடிச்சு ஒரு மாதிரி மூடி வச்சதை யாரோ பிரிச்சுப் போட்டுட்டுப் போன மாதிரி. செத்தவங்க திரும்பி வர மாட்டாங்க, அதனால மனசு மெதுவா அதுக்குப் பழகிரும். இதுல ஆள் நடுநடுவுல திரும்பி வர்றார், பழக விட மாட்டார்.

அமெரிக்காவுல மியூசர், மார்விட்னு ரெண்டு பேர் 2001ல இந்த துக்கத்தை நோயோட கட்டத்தோட சேத்துப் பாத்து எழுதினாங்க. அவங்க கண்டுபிடிச்சதுல எனக்கு தூக்கி வாரிப்போட்டது, பெத்தவங்களைப் பாத்துக்கற பிள்ளைங்களோட துக்கமும் துணையைப் பாத்துக்கற கணவன் மனைவியோட துக்கமும் ஒரே மாதிரி போகாது. பிள்ளைங்க ஆரம்பத்துல "வயசாச்சுன்னா மறதி வரும்ல"னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருப்பாங்க, துக்கம் கம்மியா தெரியும், நடுக்கட்டத்துல வந்து ஒரேயடியா உடைஞ்சு போவாங்க, கோவம், வேலை போச்சே வாழ்க்கை போச்சேங்கற ஆத்திரம், அது மேல குற்ற உணர்ச்சி, எல்லாம் அப்பதான். கடைசிக் கட்டத்துல அது இறங்கி ஒரு அமைதியான வருத்தமா மாறும். கணவன் மனைவிக்கு அந்த மலை மாதிரி ஏத்த இறக்கம் கிடையாது, ஆரம்பத்துலயே என்ன நடக்குதுன்னு ஒத்துக்கிட்டிருப்பாங்க, ஆனா துக்கம் நோயோட சேந்து ஏறிக்கிட்டே போகும், கடைசிலதான் உச்சம்.

இதைப் படிச்சப்ப எங்க அம்மா மேல இருந்த ஒரு கோவம் எனக்குப் போச்சு. 2021ல நான் தினம் அழுதுட்டு இருந்தேன், அம்மா பாட்டுக்கு அவருக்கு சட்டை மாத்தி விட்டு, சோறு பிசைஞ்சு ஊட்டி, டிவில சீரியல் பாத்துட்டு இருந்தாங்க. இவங்களுக்கு ஒண்ணுமே தோணலையான்னு நினைப்பேன். இப்ப நான் ஓரளவு தேறி, அப்பா பேசாம படுத்திருந்தா பக்கத்துல உக்காந்து செல்போன் பாக்கற அளவுக்கு வந்துட்டேன், அம்மா இப்பதான் ராத்திரி எந்திரிச்சு உக்காந்து அழறாங்க. "ஐம்பத்திரண்டு வருசம்டி, ஒரு பேச்சுத் துணைகூட இல்லாம"ங்கறாங்க. அவங்க கோடு இன்னும் ஏறிக்கிட்டு இருக்கு, என் கோடு இறங்கிருச்சு. அப்ப நான் அவங்களைப் புரிஞ்சுக்கல, இப்ப அவங்க என்னைப் பாத்து "உனக்கென்ன, மரத்துப் போச்சு"ங்கறாங்க. எல்லா வீட்லயும் இதே கணக்குதான்னு இல்ல, ஆனா ஒரே வீட்ல அம்மாவும் மகளும் ஒரே ஆளுக்காக வேற வேற நேரத்துல துக்கப்படறது சகஜம்னு தெரிஞ்சதே பெரிய விசயம்.

சட்டத்துக்கும் இந்தப் பாதி நிலைமை புரியாதுங்கறது தனிக் கூத்து. அப்பா புரிஞ்சு கையெழுத்துப் போடற நிலைமைல இருந்தப்பவே பென்சன் அக்கவுண்ட்ல அம்மாவை சேத்திருக்கணும், உயில் எழுதியிருக்கணும். நாங்க "இப்ப போய் அதைப் பேசினா மனசு கஷ்டப்படுவார்"னு விட்டுட்டோம். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கியிருந்தாலும் பிரயோஜனம் இல்ல, எழுதிக் குடுத்தவருக்கு புரிஞ்சு முடிவெடுக்கற நிலை போயிட்டா நம்ம நாட்டு சட்டப்படி அந்தப் பவர் நிக்காது. அப்புறம் கார்டியன் ஆகணும்னா வக்கீல் வச்சு ஐகோர்ட் வரைக்கும் போற கதைதான். டயக்னோசிஸ் ஆன முதல் ஆறு மாசத்துல செய்ய வேண்டிய வேலை இது, அந்த ஆறு மாசம்தான் பிள்ளைங்க "ஒண்ணும் இல்ல"னு சாதிக்கற ஆறு மாசமும்.

இந்த ஆம்பிகுவஸ் லாஸ் பேச்சுல ஒரு ஆபத்து இருக்கு, அதையும் சொல்லணும். "எங்கப்பா எப்பவோ போயிட்டார், இது வெறும் உடம்பு"ன்னு சொல்ல ஆரம்பிச்சா, அந்த உடம்புக்கு வலிச்சாகூட காது கேக்காம போயிரும். அயோவா யுனிவர்சிட்டில 2014ல ஒரு ஆய்வு. அல்சைமர் இருக்கற 17 பேருக்கு சோகமான சினிமாக் காட்சிகளும் சிரிப்புக் காட்சிகளும் போட்டுக் காட்டினாங்க. கொஞ்ச நேரத்துலயே பாத்த படத்துல பெரும்பகுதி அவங்களுக்கு மறந்து போச்சு, சில பேருக்கு சுத்தமா ஞாபகம் இல்ல, ஆனா அந்த சோகமும் சந்தோசமும் அரை மணி நேரம் வரைக்கும் அவங்ககிட்ட இருந்துச்சு. ஏன் மனசு கனமா இருக்குன்னு தெரியாது, கனம் மட்டும் இருக்கு. அவருக்கு என்ன தெரியப்போகுதுன்னு ரூமுக்குள்ளயே அவரைப் பத்திப் பேசறது, கத்தறது, இதெல்லாம் அவருக்குள்ள எங்கேயோ தங்குது. நானே கத்தியிருக்கேன். ஒரு தடவை பாத்ரூம்ல கத்திட்டு பத்து நிமிசம் கழிச்சுப் போய்ப் பாத்தா, கட்டில் ஓரத்துல உக்காந்து முழங்காலைத் தடவிக்கிட்டு இருந்தார், எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல.

இன்னொரு ஆபத்து, எல்லா மாற்றத்தையும் நோய் முத்திருச்சுன்னு எழுதிடறது. டிமென்ஷியா மாசக்கணக்குல, வருசக்கணக்குல இறங்கும். ரெண்டு நாள்ல, மூணு நாள்ல ஆள் தலைகீழா மாறினா அது பெரும்பாலும் வேற. 2023 சித்திரை வெயில்ல அப்பா திடீர்னு யாரையும் பாக்காம, சுவத்தைப் பிராண்டிக்கிட்டு, பகல் பூரா தூங்கி ராத்திரி பூரா உளறினார். சொந்தக்காரங்க எல்லாம் வந்து பாத்துட்டு "கடைசிக் கட்டம் போல"ன்னாங்க, நானும் மனசைத் தயார் பண்ணிக்கிட்டேன். பக்கத்து வீட்டு நர்ஸ் பொண்ணுதான் "அக்கா, யூரின் டெஸ்ட்டும் சோடியமும் பாத்துருங்க"ன்னு விரட்டுச்சு. யூரின்ல இன்ஃபெக்சன், சோடியமும் இறங்கியிருந்துச்சு. அஞ்சு நாள் ஆஸ்பத்திரி, திரும்பவும் "தேவதானப்பட்டி இறங்கு"ன்னு வந்துட்டார். இதுக்குப் பேரு டெலிரியம், மூத்திரத் தொற்று, காய்ச்சல், மலச்சிக்கல், தண்ணிச்சத்துக் குறைவு, புதுசா ஆரம்பிச்ச தூக்க மாத்திரை, எது வேணா கிளப்பிவிடும். நாள் கணக்குல வந்த மாற்றம், ஒரு மணி நேரம் தெளிவு ஒரு மணி நேரம் மயக்கம்னு மாறி மாறி வந்தா துக்கப்படாதீங்க, டாக்டர்கிட்ட ஓடுங்க.

சரி, இதுக்கு என்னதான் பண்றது? பாஸ் சொல்றது ஒண்ணு எனக்குப் பிடிக்கும், "முடிச்சு வைக்கறது"ங்கற எண்ணத்தையே அவங்க ஏத்துக்கறதில்ல. துக்கம் அஞ்சு படி ஏறி இறங்கி முடியும்னு ஊர் பூரா பேசறாங்களே, அந்த அஞ்சு கட்டம் குப்ளர் ராஸ்ங்கற மனநல டாக்டர் 1969ல சாகப்போற நோயாளிகளைப் பாத்து எழுதினது, வீட்ல இருக்கறவங்களைப் பாத்து எழுதினது இல்ல. பாஸ் கேக்கறது, ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிப் பழகுங்கன்னு. அவர் இருக்கார், அவர் போயிட்டார். நான் அவரைப் பாத்துக்கறேன், எனக்கு இது முடிஞ்சா தேவலைன்னும் இருக்கு. இந்த ரெண்டாவது வாக்கியத்தை வாய்விட்டு சொல்ல எனக்கு நாலு வருசம் ஆச்சு. சொன்னது அம்மாகிட்ட. அம்மா கொஞ்ச நேரம் கீரை ஆஞ்சுட்டு இருந்துட்டு "எனக்கும்தான்"னாங்க.

சாவு வந்தா நிம்மதின்னு நினைக்கறது பாவம்னு நினைக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. 2003ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, டிமென்ஷியா நோயாளிகளை வீட்ல பாத்துக்கிட்ட 217 பேரைத் தொடர்ந்து பாத்தாங்க. நோயாளி இறந்த பிறகு, அது எனக்கு ஒரு நிம்மதிதான்னு 72 சதவீதம் பேர் ஒத்துக்கிட்டாங்க. அவங்கள்லாம் பாசம் இல்லாதவங்க கிடையாது, அந்தக் கடைசி வருசத்துல அவங்கள்ல பாதிப் பேர் வாரத்துக்கு குறைஞ்சது 46 மணி நேரம் நோயாளிக்கு வேண்டியதைச் செஞ்சவங்க.

எங்க வீட்ல நாங்க செஞ்சது ரொம்ப சின்ன விசயங்கள். முதல்ல அவர் எதுல உள்ள, எதுல வெளியன்னு உக்காந்து பேசி முடிவு பண்ணினோம், தம்பியையும் கால்ல வச்சுக்கிட்டு. பணம், மருந்து, டயப்பர், இதுல அப்பாவைக் கேக்க வேண்டாம், அம்மாவும் நானும் முடிவெடுப்போம், தம்பி குறுக்க பேசக்கூடாது, மாசா மாசம் பணம் அனுப்பறதோட வருசத்துல ஒரு மாசம் அவனே வந்து ராத்திரி டூட்டி பாக்கணும். (வந்தான். நாலாவது ராத்திரி போன் பண்ணி "அக்கா, அப்பா என்னை யாருன்னு கேட்டு அடிச்சுட்டார்"னு அழுதான். அதுக்கப்புறம் டயப்பர் சண்டை வரல.) சாப்பாட்டுக்கு உக்கார்றது, பொங்கல், கோயில் கொடை, இதுல அவர் உள்ள. பொங்கலுக்கு பானைக்கு முன்னாடி அவருக்குத்தான் நாற்காலி, அரிசி போடறது என் புருசன், "போடலாமா மாமா?"ன்னு கேட்டுட்டுத்தான் போடுவார். தலையாட்டுவார், சில சமயம் "ரைட், போலாம்"பார்.

ரெண்டாவது, போனதுக்கு ஒரு நாள் வச்சோம். பேரை மறந்த அந்த தை மாச நாள் வந்தா நானும் அம்மாவும் சாயங்காலம் அவரோட பழைய போட்டோக்களை எடுத்துப் பாக்கறது, காக்கிச் சட்டை, தோள்ல தோல்பை, விசில். விளக்கேத்த மாட்டோம், மாலை போட மாட்டோம், ஆள் பக்கத்து ரூம்லதான் இருக்கார். அழுதா அழுவோம். மாமியார் இதைக் கேள்விப்பட்டு "உயிரோட இருக்கறவருக்கு துக்கம் கும்பிடறாளுக"ன்னு பேசினாங்க, பேசட்டும்.

மூணாவது, திருத்தறதை நிறுத்தினேன். "நான் அக்கா இல்லப்பா, உங்க மக"ன்னு ரெண்டு வருசம் தினமும் சொல்லிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் வாடும், அக்கா செத்துட்டான்னு அவருக்கு அப்பதான் புதுசா தெரியற மாதிரி. இப்ப அக்காவாவே இருக்கேன். அத்தைக்கு அவர் மேல உசிரு, அந்தப் பாசம் எனக்கு வந்து சேருது, போகட்டும்.

நேத்து நாள்காட்டி தாளைக் கிழிச்சு அவர் கையில குடுத்தேன். அதை நாலா கிழிச்சார், மூணை விரல்ல செருகிட்டு ஒண்ணை நீட்டி "எங்கம்மா இறங்கணும்?"னார். பெரியகுளம்னேன். "பெரியகுளத்துல யார் வீடு?"

எங்க வீடு இருந்ததே பெரியகுளத்துலதான், நான் பொறந்ததும் அங்கதான். "எங்கப்பா வீடு"ன்னேன்.

"அப்ப சரி, முன்னாடி போய் உக்காரு. லேடீஸ் சீட்டு காலியாத்தான் இருக்கு."